துக்க வீட்டில் முதல் சிரிப்பு யாருடையது?

கேள்வி: நண்பரின் அப்பா இறந்த அன்று மாலை எல்லோரும் இறுக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். சூழலை லேசாக்கத்தான் ஒரு ஜோக் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. நண்பர் இப்போது போனையே எடுப்பதில்லை. நல்ல எண்ணத்தில் சொன்னது குற்றமா?

பதில்: எண்ணத்தை விடுங்கள். அந்த இறுக்கம் யாருக்குப் பொறுக்கவில்லை? அப்பாவை இழந்தவருக்கு அந்த அமைதி தேவைப்பட்டது. அதில் உட்கார முடியாமல் தவித்தவர் நீங்கள். உங்கள் தவிப்பு தீர, அவரைச் சிரிக்கச் சொல்லிவிட்டீர்கள். அதுதான் அவருக்கு வலித்திருக்கும்.

துக்க வீட்டில் சிரிப்பே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். எடுத்து முடித்த அன்று இரவு பந்தலில் உட்கார்ந்திருக்கும்போது, "இந்தக் காபியை அப்பா குடித்திருந்தால் டம்ளரோடு திருப்பி அனுப்பியிருப்பார்" என்று மகனே சொல்வார். கண்ணைத் துடைத்துக்கொண்டே எல்லோரும் சிரிப்பார்கள். அங்கே பேச்சைத் தொடங்கியவர் இழந்தவர். பேச்சும் இறந்தவரைப் பற்றியது. அப்போது நீங்களும் அவருடைய அப்பா பற்றி ஒரு நினைவைச் சொல்லலாம். அவர் நிறுத்தினால் நீங்களும் நிறுத்திவிட வேண்டும்.

வாசலில் டீ குடிப்பவர்கள் சிரித்துப் பேசுவதைப் பார்த்து உள்ளே இருப்பவர்களின் மனதை எடை போடாதீர்கள். வெளியூரிலிருந்து மகளோ தங்கையோ வந்து இறங்கியதும் அடங்கியிருந்த அழுகை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். வர வேண்டியவர்கள் வந்து சேரும்வரை அந்த வீடு அப்படித்தான் இருக்கும். யாராவது வேடிக்கையாக ஒன்று சொன்னால், மற்றவர்கள் சிரிக்கும் முன் இழந்தவரின் முகத்தை ஒருமுறை பார்க்கிறார்களா? பார்த்தால், இன்னும் நேரம் வரவில்லை.

சரி, எத்தனை நாள் பொறுப்பது? 2012இல் அமெரிக்காவைத் தாக்கிய சாண்டி புயலைப் பற்றிய ஜோக்குகளை வைத்து அங்கே ஓர் ஆய்வு நடந்தது. புயல் வருமுன் ரசித்த ஜோக்குகள், அது அடித்து இரண்டு வாரம் ஆனபோது மிகக் குறைவாகவே ரசிக்கப்பட்டன. ஐந்து வாரம் ஆனபோது மறுபடி சிரிப்பு வந்தது. அப்புறம் அதுவும் தேய்ந்தது. இது ஊர் உலகத்துக்கான கணக்கு. தகப்பனை இழந்த மகனுக்கு யாரும் நாள் குறிக்க முடியாது.

இனி போன் செய்யாதீர்கள், நேரில் போங்கள். "அன்று நான் அப்படிப் பேசியது தப்பு" என்று ஒரே வரியில் சொல்லுங்கள். "உன் மனது புண்பட்டிருந்தால்", "லேசாக்கத்தான் சொன்னேன்" என்று இழுக்க வேண்டாம். அப்படிச் சொன்னால் உங்களைத் தேற்றும் வேலையும் அவர் தலையில் விழும். பிறகு அவர் அப்பாவைப் பற்றிக் கேளுங்கள். அவர் பேசினால் கேட்டுக்கொண்டிருங்கள். பேசாவிட்டால் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள். காரியம் இன்னும் முடியவில்லை என்றால், அன்று காலையிலேயே போய்ப் பந்தல் வேலையோ பந்தி வேலையோ எடுத்துச் செய்யுங்கள்.