கணவர் போன பிறகு வீட்டுக் கடன்: இன்சூரன்ஸ் பணம் வரும் வரை தவணை கட்ட வேண்டுமா?

கேள்வி: என் கணவர் இரண்டு மாதங்களுக்கு முன் மாரடைப்பில் இறந்துவிட்டார். ஆறு வருடத்துக்கு முன் அவர் வாங்கிய வீட்டுக் கடனில் நானும் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மீதிக் கடன் முழுக்க என் பொறுப்பு என்கிறார் வங்கி மேனேஜர். கடன் கொடுக்கும்போது இன்சூரன்ஸ் என்று ஒரு தொகை பிடித்தார்கள், ஆனால் காகிதம் எதுவும் கையில் இல்லை. பத்து சதவீதம் கொடுத்தால் கிளைம் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கிளைம் வரும் வரை தவணையை நிறுத்தி வைக்கலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: நிறுத்தாதீர்கள். கிளைம் கட்டாயம் வந்துவிடும் என்று யாராவது உறுதி சொன்னாலும் நிறுத்தாதீர்கள். கடன் ஒரு கணக்கு, இன்சூரன்ஸ் வேறொரு கணக்கு. கிளைம் விண்ணப்பம் மேசையில் கிடக்கும் காலத்துக்கும் வங்கி வட்டி போட்டுக்கொண்டே இருக்கும். தவணை 90 நாளைத் தாண்டி நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதன் பிறகு 60 நாள் அவகாசம் தரும் நோட்டீஸ், அதற்கும் பிறகு வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கை என்று போக வங்கிக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. இவ்வளவும் நடந்து முடிந்த பிறகு இன்சூரன்ஸ் பணம் வந்து சேர்ந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

மேனேஜர் சொன்னது, கசப்பாக இருந்தாலும், சரிதான். இணைக் கடன்தாரர் என்றால் பாதிக் கடனுக்குப் பொறுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சேர்ந்து கையெழுத்துப் போட்டவர்களில் எவரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்க, இந்திய ஒப்பந்தச் சட்டம் கடன் கொடுத்தவருக்கு உரிமை தருகிறது. நீங்கள் வெறும் வாரிசாக இருந்திருந்தால் கதை வேறு. வாரிசு என்பவர் இறந்தவரிடமிருந்து தனக்கு வந்த சொத்தின் மதிப்பு வரைதான் கடனுக்குப் பதில் சொல்ல வேண்டும், சொந்தச் சம்பளத்தில் கை வைக்க முடியாது. அதனால் உங்கள் கணவர் தனியாக வாங்கிய தனிநபர் கடனோ கிரெடிட் கார்டு பாக்கியோ இருந்து, வசூல் ஆள் வந்து "நீங்கள்தானே மனைவி" என்று மிரட்டினால், எழுத்தில் கேளுங்கள் என்று சொல்லி அனுப்புங்கள். எந்தப் புதுக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். அதில் போடும் ஒரு கையெழுத்து, உங்களுக்கு இல்லாத கடனை உங்களுடையதாக்கிவிடும்.

தவணை இப்போது எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்று உடனே பாருங்கள். உங்கள் கணவரின் கணக்கிலிருந்து தானாகப் பிடித்தம் ஆகிறதென்றால், இறப்புத் தகவல் வங்கிக்குப் போனதும் அந்தக் கணக்கு முடக்கப்படும். அதில் பணம் இருந்தும் தவணை திரும்பிவிடும், அபராதமும் விழும். உங்கள் பெயரில் உள்ள கணக்கிலிருந்து பிடிக்கும்படி எழுதிக் கொடுங்கள். அவருடைய ஏடிஎம் கார்டை வைத்துப் பணம் எடுத்துச் சமாளிக்கலாம் என்று உறவினர்கள் சொல்வார்கள். அது வேண்டாம், பிற்பாடு பிரச்சினை ஆகும்.

இனி இன்சூரன்ஸ். காகிதம் கையில் இல்லாதது உங்கள் தவறு இல்லை. இப்படிப்பட்ட கடன் காப்பீடு பெரும்பாலும் குழுக் காப்பீடு. மூல பாலிசி வங்கியின் பெயரில் இருக்கும், கடன் வாங்கியவருக்கு ஒரு காப்பீட்டுச் சான்றிதழ் மட்டும் தருவார்கள், அல்லது தந்ததாகச் சொல்வார்கள். பணத்தைப் பிடித்தவர்கள் சான்றிதழைக் கையில் கொடுத்து, என்ன வாங்கியிருக்கிறோம் என்று ஐந்து நிமிடம் விளக்கியிருந்தால் உங்கள் கேள்வியில் பாதி இருந்திருக்காது. இதைச் செய்யாததற்கு யாரும் பொறுப்பு ஏற்பதில்லை என்பதுதான் எனக்கு ஆறாத கோபம்.

கடன் கணக்கின் முழு அறிக்கையை முதல் நாளிலிருந்து கேட்டு வாங்குங்கள். ஆரம்பத்தில் பிரீமியத் தொகை எந்த நிறுவனத்துக்குப் போனது என்பது அதில் இருக்கும். பிறகு வங்கிக்கும் அந்தக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தனித்தனியே மின்னஞ்சலில், கடன் எண்ணைக் குறிப்பிட்டு, காப்பீட்டுச் சான்றிதழின் நகலைக் கேளுங்கள். வாய்வழி விசாரணை வேண்டாம். "பார்த்துச் சொல்கிறோம்" என்ற பதிலுக்குத் தேதியும் கிடையாது, சாட்சியும் கிடையாது.

சான்றிதழ் வந்ததும் அது ஆயுள் காப்பீடா, விபத்துக் காப்பீடா என்று முதலில் பாருங்கள். கடன் பாதுகாப்பு என்று பெயர் வைத்து விபத்து மரணத்துக்கு மட்டும் பணம் தரும் பாலிசியை விற்பது உண்டு. மாரடைப்புக்கு அது உதவாது. அடுத்து, யாருடைய உயிருக்குக் காப்பீடு, எத்தனை சதவீதத்துக்கு என்று பாருங்கள். இருவரையும் சேர்த்துப் பங்கு பிரித்திருக்கலாம். கடைசியாகக் காலம். 20 வருடக் கடனுக்கு 5 வருடக் காப்பீடு போட்டிருந்தால், ஆறாவது வருடத்தில் கைக்கு ஒன்றும் வராது.

எல்லாம் சரியாக இருந்தாலும் மொத்தக் கடனும் தீர்ந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கடன் 30 லட்சம், 20 வருடம், 8.5 சதவீத வட்டி, மாதத் தவணை சுமார் 26,000 ரூபாய். இந்தக் காப்பீட்டுத் தொகை கடனோடு சேர்ந்து குறைந்துகொண்டே வரும்படி, முதல் நாளிலேயே அட்டவணை போடப்பட்டிருக்கும். அதன்படி ஆறு வருட முடிவில் காப்பீடு சுமார் 25.5 லட்சம். ஆனால் மூன்றாம் வருடத் தொடக்கத்தில் வட்டி 9.25 ஆக ஏறி, வங்கி தவணையைக் கூட்டாமல் காலத்தை நீட்டியிருந்தால், உண்மையான பாக்கி சுமார் 26.5 லட்சம். காப்பீட்டு நிறுவனம் அட்டவணையில் உள்ளதைத்தான் தரும். மீதி ஒரு லட்சத்தோடு, கட்டாமல் விட்ட தவணையும் அபராதமும் உங்கள் தலையில்.

இதே கணக்கில் உங்கள் கணவருக்கு 60 சதவீதம், உங்களுக்கு 40 சதவீதம் என்று பிரித்திருந்தால் வருவது 15.3 லட்சம்தான். மீதி 11.2 லட்சம் நிற்கும். இந்த இடத்தில் கவனம் வேண்டும். பெரிய தொகை உள்ளே வந்ததும், பல வங்கிகள் தவணையை அதே 26,000-இல் வைத்துக் காலத்தைத்தான் குறைக்கும். ஒற்றை வருமானத்தில் ஓடும் வீட்டுக்கு அது தாங்காது. காலத்தை முதலில் பேசிய 20 வருடக் கணக்கிலேயே, அதாவது இன்னும் 14 வருடம் என்று வைத்துத் தவணையைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். மேலே சொன்ன 9.25 சதவீத வட்டிக்கு அது சுமார் 11,900 ரூபாய்க்கு இறங்கும். கேட்காமல் கிடைக்காது.

இடைக்காலத்தில் நீங்கள் கட்டும் தவணை வீணாகாது. காப்பீட்டுத் தொகை இறந்த தேதியை வைத்து முடிவாகிறது. அது கடன் பாக்கியைவிட அதிகமாக இருந்தால், மிச்சம் நாமினிக்கு வர வேண்டும். அந்தக் கணக்கை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கிளைமுக்கு இறப்புச் சான்றிதழ், காப்பீட்டுச் சான்றிதழ், இறந்த தேதி வரையிலான கடன் அறிக்கை, மருத்துவமனைக் காகிதங்கள், நாமினியின் அடையாளச் சான்று, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை போதும், கூடுதலாக ஏதாவது கேட்டால் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். கொடுத்ததற்கு முத்திரையோடு ஒப்புகை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

நிராகரிப்புக் கடிதம் வந்தால் அதில் அதிகம் பார்க்கும் காரணம், "ஏற்கெனவே இருந்த நோயை மறைத்தார்" என்பது. உங்கள் கணவருக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்திருக்கலாம். உடல்நலப் படிவத்தில் கேள்விகளுக்கெல்லாம் "இல்லை" என்று டிக் போட்டது பெரும்பாலும் கடன் முகவராகத்தான் இருக்கும், உங்கள் கணவர் அடியில் கையெழுத்து மட்டும் போட்டிருப்பார். இன்சூரன்ஸ் சட்டத்தின் 45-ஆம் பிரிவு உங்களுக்குக் கைகொடுப்பது இங்கேதான். ஆயுள் காப்பீடு தொடங்கி மூன்று வருடம் கடந்துவிட்டால், எந்தக் காரணத்தைச் சொல்லியும் அந்தப் பாலிசியைக் கேள்விக்கு உள்ளாக்க முடியாது, மோசடி என்று சொன்னாலும்கூட. மூன்று வருடத்துக்குள் என்றால் நிறுவனம் கேட்கலாம். உங்கள் பாலிசி ஆறு வருடம் பழையது.

ஒன்றை மட்டும் சரிபாருங்கள். நடுவில் கடனை வேறு வங்கிக்கு மாற்றினீர்களா? அப்படியானால் பழைய பாலிசி புதுக் கடனோடு தானாகப் போயிருக்காது. புது வங்கியில் புது பாலிசி போட்டிருந்தால், மூன்று வருடக் கணக்கு அன்றிலிருந்துதான் தொடங்கும். அதே வங்கியில் கூடுதல் கடன் வாங்கியிருந்தாலும் இதே கதைதான். பழைய தொகைக்குப் பழைய பாலிசி, புதுத் தொகைக்குத் தனி பாலிசி, அல்லது பாலிசியே இல்லை. கடனை மாற்றும்போது பழைய பாலிசியை ரத்து செய்து மீதிப் பிரீமியத்தை வாங்கியிருந்தால், அதற்கும் உரிமை கோர முடியாது. ரத்து செய்யாமல் விட்டிருந்தால், அது உயிரோடு இருக்கவும் வாய்ப்பு உண்டு, கடன் அங்கே முடிந்துவிட்டதால் பணம் நேரே நாமினிக்கு வர வேண்டும். பழைய வங்கிக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள்.

பத்து சதவீதக்காரரை இன்றே விலக்குங்கள். 25 லட்சத்தில் பத்து சதவீதம் என்பது இரண்டரை லட்சம், நீங்களே நிரப்பக்கூடிய ஒரு படிவத்துக்கு. இப்படி வருகிறவர்கள் வெற்றுப் படிவத்திலும் வெற்றுக் காசோலையிலும் கையெழுத்து வாங்குவார்கள், மூலச் சான்றிதழ்களை எடுத்துப் போவார்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் திரும்ப வாங்குங்கள், காசோலைக்குப் பணம் தராமல் நிறுத்தும்படி வங்கிக்கு எழுதுங்கள். கிளைம் மறுக்கப்பட்டாலும் அவர் தேவையில்லை. முதலில் காப்பீட்டு நிறுவனத்துக்கே எழுத்தில் ஆட்சேபம் அனுப்ப வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ, ஒரு வருடத்துக்குள், காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். 50 லட்சம் வரையிலான வழக்கை அங்கே எடுப்பார்கள், கட்டணம் கிடையாது. வக்கீலோ முகவரோ உங்களுக்காக அங்கே வாதாட அனுமதியும் இல்லை. நாமினியாகவோ வாரிசாகவோ நீங்களே மனுவில் கையெழுத்திட்டு அனுப்பினால் போதும். நிராகரிப்புக் கடிதம், உங்கள் ஆட்சேபக் கடிதம், காப்பீட்டுச் சான்றிதழ் மூன்றின் நகலையும் அதோடு இணைத்துவிடுங்கள்.