"பெனால்ட்டி பேசப்பட்டது"னு எழுதினா காசு வராது

கேள்வி: ஆபீஸ் இன்டர்நெட் லீஸ்டு லைன், மாசம் 20,000 ரூபாய், எஸ்எல்ஏ, அதாவது வெண்டரோட சேவை உறுதிப்படி 99.5 சதவீத நேரம் லைன் இருக்கணும். போன மாசம் மொத்தம் 11 மணி நேரம் லைன் இல்ல. ரிவியூ மீட்டிங்ல வெண்டர் 99.65னு ரிப்போர்ட் காட்டுறார். மினிட்ஸ்ல "பெனால்ட்டி குறித்து பேசப்பட்டது"னு இருக்கு, ஆனா பில்லு முழுசா வந்துருக்கு.

பதில்: உங்க மேல தப்பில்லங்க, அந்த ரிப்போர்ட்லதான் விஷயம் இருக்கு. 30 நாள் மாசத்துக்கு 720 மணி நேரம், அதுல 99.5ன்னா 3 மணி 36 நிமிஷம்தான் லைன் போகலாம். 99.65 வரணும்னா அவர் கணக்குல ரெண்டரை மணி நேரம்தான் போயிருக்கணும், மீதி எட்டரை மணி நேரத்த எங்க கழிச்சாருன்னு புகார் டிக்கெட் வாரியா கேளுங்க. வழக்கமா ரெண்டு இடத்துல கழிப்பாங்க. ஒண்ணு பிளான்டு மெயின்டனன்ஸ், இன்னொண்ணு "கஸ்டமர் பெண்டிங்", அதாவது இன்ஜினியர் வந்தார், ஆள் இல்லன்னு சொல்லி கடிகாரத்த நிறுத்திடறது.

உதாரணத்துக்கு மெயின்டனன்ஸுக்கு 5 மணி, பெண்டிங்குக்கு மூணரை மணின்னு வெச்சுக்குவோம். அக்ரிமென்ட்ல 48 மணி நேரம் முன்னாடி சொல்லணும்னு இருந்து, அப்படி மெயிலே வரலன்னா அந்த 5 மணிய கழிக்க முடியாது. அத மட்டும் திருப்பி சேத்தாலே ஏழரை மணி, 98.96 சதவீதம். பெண்டிங் சண்டைக்கே போக வேணாம். 99க்கு கீழ போனா மாச பில்லுல 10 சதவீதம்னு உங்க பெனால்ட்டி டேபிள்ல இருந்தா 2,000 ரூபாய்.

இப்ப அந்த மினிட்ஸுக்கு வரேன், எனக்கு ரொம்ப வயித்தெரிச்சல் இதுலதான். "பேசப்பட்டது"ங்கற வார்த்தைல யாரும் எதுக்கும் ஒத்துக்கல. "98.96 என இரு தரப்பும் ஏற்றனர், ரூ. 2,000 அடுத்த பில்லில் கிரெடிட் நோட்டாக வரும், தேதி இது, பொறுப்பு இவர்"னு எழுதணும், அன்னைக்கே மெயில் அனுப்பி வெண்டர்கிட்ட ஒப்புதல் வாங்கணும். நான் ஒரு ஜெனரேட்டர் பராமரிப்பு கான்ட்ராக்ட் குடுத்தப்போ, பெனால்ட்டி தரோம்னு வெண்டர் ஆளுங்க மூணு மீட்டிங்ல வாயால ஒத்துக்கிட்டாங்க, நான் மெயில் போடல, ஆள் மாறினதும் புதுசா வந்தவர் அப்படி எதுவும் ரெக்கார்டுல இல்லன்னுட்டார், அந்தப் பணம் போனது போனதுதான்.

கேள்வி: மூணு மாசமா மினிட்ஸ்ல "ரெஸ்பான்ஸ் டைம் மேம்படுத்தப்படும்"னே வருது.

பதில்: நாலாவது மாசமும் அதான் வரும். உதாரணத்துக்கு, "லைன் அடிக்கடி கட் ஆகறது ஒரே கேபிள்ங்கறதால, ரெண்டாவது பாதை 20ஆம் தேதிக்குள்ள போடப்படும், மாத்தி விட்டு டெஸ்ட் பண்ணிக் காட்டப்படும்"னு காரணம், வேலை, தேதி, நிரூபணம் நாலும் இருந்தாதான் அத கமிட்மென்ட்னு ஏத்துக்கோங்க. அடுத்த மீட்டிங்ல மொதல்ல போன மாச லிஸ்ட்டதான் எடுக்கணும்.

கேள்வி: அக்ரிமென்ட்ல பெனால்ட்டியே இல்ல, இப்ப பிடிக்கலாமா?

பதில்: கையெழுத்துக்கு முன்னாடி பாத்துருக்கணும். இப்ப ஒப்பந்தச் சட்டம் 73வது பிரிவுல நஷ்ட ஈடு கேக்கலாம், ஆனா எவ்வளவு நஷ்டம்னு நீங்கதான் நிரூபிக்கணும். அத விட, ரினியூவலுக்கு முன்னாடி பெனால்ட்டி டேபிள் கேளுங்க.