ரோட்டுக்கு ஒரு ட, கோட்டுக்கு இரண்டா?

தக்கலையிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் பதில் சொல்கிறார்

நாகர்கோவில் கல்லூரி மாணவி: 'ரோடு' என்று எழுதும்போது ஒரு ட போதும், 'கோட்டு' என்றால் ஏன் ட் இரட்டிக்கிறது சார்?

நல்ல கேள்வி மக்ளே. தமிழில் வல்லினத்தோடு சொல் முடியாது. அதனால் இங்கிலீஷ் சொல் வந்ததும் கடைசியில் ஒரு சின்ன உகரம் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினதும் அந்த ட இரண்டு உயிருக்கு நடுவே மாட்டிக்கொள்கிறது. அங்கே ஒற்றை ட அதிர்ந்துதான் ஒலிக்கும். 'வீடு', 'நாடு' சொல்லிப் பார். ரோட்டின் கடைசி ஒலி இங்கிலீஷிலேயே அதிரும், அதனால் ஒன்றே போதும். கோட்டின் கடைசி ஒலி அதிராது. அதிராமல் காப்பாற்ற நமக்கு இருக்கிற ஒரே வழி இரட்டிப்பது, 'பாட்டு' மாதிரி. கேட்டு, நோட்டு, ரேட்டு எல்லாம் இப்படி வந்தவைதான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, காதே கணக்குப் போட்டுவிட்டது.

ஆனால் நெடிலுக்குப் பின்னால்தான் இந்தக் கணக்கு சரியாக வரும். முன்னால் தனிக்குறில் வந்தால் எதுவானாலும் இரட்டிக்கும்: பில்லு, மில்லு, பஸ்ஸு. 'பைலு' என்பதில் ல இரட்டிக்காததைக் கவனி. தனிக்குறிலுக்குப் பின்னால் எதுவும் இரட்டிப்பதால் படுக்கிற பெட்டும் பந்தயம் கட்டுகிற பெட்டும் எழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன.

மார்த்தாண்டம் தாய் ஒருவர்: என் மாமியார் 'இஸ்கூலு' என்கிறார். பிள்ளையும் பழகிவிட்டது. திருத்துவது எப்படி?

மாமியார் செய்தது தப்பில்லை. சொல்லின் தொடக்கத்தில் ஸ் இன்னொரு மெய்யோடு சேர்ந்து வந்தால் தமிழ் நாக்கு முன்னால் ஒரு உயிரைப் போட்டுக்கொள்ளும். பிள்ளை பள்ளிக்கூடத்தில் தானாக மாற்றிக்கொள்ளும்.

குளச்சல் மீன் வியாபாரி: அண்ணாச்சி, 'ஏலம்' போர்ச்சுக்கீசியச் சொல் என்று ஒரு பையன் சொல்கிறான். ஏலக்காயைக் கூவி விற்றதால்தானே அந்தப் பெயர்?

பையன் சொன்னது சரி. போர்ச்சுக்கீசியத்தில் அந்தச் சொல் 'லெய்லாங்' போல மூக்கொலியோடு முடியும். நமக்கு அது வசதியாக 'அம்' ஆகிவிட்டது, மரம், பணம் வரிசையில் உட்கார்ந்துவிட்டது. தொடக்கத்து ல-வும் போய்விட்டது, ஏனென்றால் பழந்தமிழ்ச் சொல் ல-வில் தொடங்காது.

எப்போதும் சொல்வதுதான்: ஒலி ஒத்துப்போனால் மட்டும் உறவாகிவிடாது.

அதே வியாபாரி: முப்பது வருஷம் கடற்கரையில் கூடை கூடையாக ஏலம் பார்த்தவன் நான். ஏலக்காய் கதையை என் தாத்தாவே சொல்லியிருக்கிறார்.

தாத்தாவை மதிக்கிறேன். ஆனால் நம் மாவட்டம் 1956 வரை முதலில் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. மலையாளம் உங்களுக்கும் தெரியும். களியக்காவிளையைத் தாண்டிப் போய் விசாரியுங்கள். ஏலக்காயை அங்கேயும் 'ஏலம்' என்பார்கள். கூவி விற்பதை 'லேலம்' என்பார்கள். காயிலிருந்து விற்பனை பிறந்திருந்தால் அவர்களுக்கு மட்டும் அந்த ல எங்கிருந்து வந்தது?

ஜன்னல், சாவி எல்லாம் எந்த மொழி?

போர்ச்சுக்கீசியம்.

களியக்காவிளை வாசகர்: மலையாளம் பழைய வடிவத்தைக் காப்பாற்றியது, தமிழ் சிதைத்தது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பாதி சரி. மலையாளத்தில் ல-வில் தொடங்கும் சொற்கள் சாதாரணம், அதனால் அங்கே ல தங்கியது. சிதைவு என்று சொல்லாதீர்கள். இந்தியில் இதுவே 'நீலாம்'. இரண்டு ல அடுத்தடுத்து வந்ததில் முன்னது ந ஆகிவிட்டது. ஒவ்வொரு மொழியும் தன் வாசலுக்கு ஏற்ப ஆளைக் குனிய வைக்கிறது.

அதே மாணவி: ல-வில் தொடங்கக்கூடாதென்றால் 'உலோகம்', 'இலட்சம்' மாதிரி முன்னால் உயிர் சேர்த்து 'இலேலம்' ஆகியிருக்க வேண்டுமே சார்?

இன்றைக்கு வந்த கேள்விகளில் இதுதான் கேள்வி. வழக்கமான வழி நீ சொன்னதுதான். 'லோகம்' என்பதில் அடுத்து ஓ இருப்பதால் உ வந்தது, 'லட்சம்' என்பதற்கு இ வந்தது. ஏலத்தில் ஏன் உயிர் சேராமல் மெய்யே உதிர்ந்தது? அடுத்தடுத்த இரண்டு ல-வில் ஒன்றை நாக்கு விழுங்கியிருக்கலாம் என்பது என் ஊகம். எழுத்தில் வராமல் கடற்கரைப் பேச்சு வழியாக வந்த சொல் என்பதும் காரணமாக இருக்கலாம். அடித்துச் சொல்ல மாட்டேன்.

அலமாரி, மேசை, பாதிரி?

மேலே பாருங்கள். இனி ஒற்றைச் சொல் கொடுத்து மொழி கேட்பவர்களுக்குப் பதில் கிடையாது. சொல் எப்படி மாறியது என்று கேளுங்கள்.

பெயர் ரவி. 'இரவி' என்று எழுதினால் எண்ராசி கூடுமா?

இ சேர்ப்பது இலக்கணம். ராசிக்கு ஜோசியரைப் பாருங்கள்.

குளச்சல் வியாபாரி: லேலம் விஷயம் யோசிக்க வைக்கிறது. இருந்தாலும் தாத்தா பொய் சொல்ல மாட்டார்.

சரி அண்ணாச்சி, பொய் சொன்னார் என்று நான் சொல்லவே இல்லை. நாளைக்குச் சாளை வந்தால் எனக்கு ஒரு கிலோ எடுத்து வையுங்கள், ஏலத்துக்கு முன்னாலேயே.