அளவை மாற்றினாலும் மங்காத முகமாற்றம்

கேள்வி: ஃபோட்டோஷாப்பில் ஒரு படத்தின் மீது ஒட்டிய முகத்தைச் சிறிதாக்கிவிட்டு மறுபடி பெரிதாக்கினால் மங்கிவிடுகிறது. பிறகும் திருத்தும்படி வைக்க என்ன வழி?

முகத்தின் அளவைத் தொடுவதற்கு முன்பே மாஸ்க் போட்டு ஓரங்களை மென்மையாக்குங்கள். பிறகு லேயரின் மீது வலது கிளிக் செய்து Convert to Smart Object கொடுங்கள். மாஸ்க்கும் உள்ளே போய்விடும். அசல் பிக்சல்கள் அப்படியே இருக்கும். 40% ஆக்கிய முகத்தை மீண்டும் 100% ஆக்கினாலும் தெளிவு குறையாது. 100%-ஐத் தாண்டினால் மங்கத்தான் செய்யும்.

பலர் தடுமாறுவது ஸ்மார்ட் ஃபில்டரில்தான். தோலின் கூர்மையைப் பின்னணியோடு பொருத்த Gaussian Blur 2 பிக்சல் கொடுத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். முகத்தைப் பாதியாக்கினால் முகம்தான் சுருங்கும், அந்த 2 மாறாது. மங்கல் இரு மடங்காகத் தெரியும், கண்ணிமைகள் கரைந்துவிடும். லேயர் பேனலில் ஃபில்டரின் பெயரை இரட்டைக் கிளிக் செய்து 1 என்று மாற்றினால் சரியாகிவிடும்.

தாடை ஓரத்தில் பழைய தோல் நிறம் எட்டிப்பார்த்தால் லேயரின் சிறுபடத்தை இரட்டைக் கிளிக் செய்யுங்கள். தனியாகத் திறக்கும் கோப்பில் மாஸ்க்கைத் திருத்தி Ctrl+S அழுத்தினால் மூலப்படத்திலும் மாறிவிடும். Auto-Blend Layers மட்டும் ஸ்மார்ட் ஆப்ஜெக்டில் வேலை செய்யாது. அது தேவையென்றால் ஒரு நகலை எடுத்து ராஸ்டராக்கிப் பயன்படுத்துங்கள்.