பறவைக் காய்ச்சல் நியூஸ் வர்றப்ப சிக்கனும் முட்டையும்: கவனம் வேண்டியது அடுப்புக்கு முன்னாடி

கேள்வி: நியூஸ்ல பறவைக் காய்ச்சல்னு வந்துட்டே இருக்கு. ஃப்ரீசர்ல ஏற்கனவே வாங்கின சிக்கன் இருக்கு, முட்டையும் இருக்கு. சமைச்சு சாப்பிடலாமா, இல்ல தூக்கிப் போட்டுடணுமா?

பதில்:

தூக்கிப் போட வேணாம். உள்ள வரைக்கும் முழுசா வெந்தா தாராளமா சாப்பிடலாம். நான் ஒரு பெரிய கிச்சன்ல உணவுப் பாதுகாப்பு பாக்குற வேலைல இருக்கேன், இந்த நியூஸ் வர்றப்பல்லாம் எல்லாரும் "சாப்பிட்டா வந்துடுமா"ன்னுதான் கேக்குறாங்க, பச்சைக் கறிய கையில எடுத்ததுல இருந்து அடுப்புல வைக்கிற வரைக்கும் என்ன செய்யணும்னு ஒருத்தரும் கேக்குறதில்ல. உண்மையில ரிஸ்க் இருக்குறது அங்கதான்.

1997ல ஹாங்காங்ல முதன்முதலா எச்5என்1ங்கிற பறவைக் காய்ச்சல் வைரஸ் மனுஷங்களுக்கு வந்தப்ப 18 பேருக்கு வந்துச்சு, 6 பேர் இறந்துட்டாங்க. அப்ப சந்தேகம் போனது உயிரோட கோழி விக்கிற மார்க்கெட் பக்கம்தான். அதுக்கப்புறம் பல நாடுகள்ல வந்த கேஸ்கள்லயும் பெரும்பாலும் நோய் வந்த கோழிய, செத்த கோழிய தொட்டவங்க, வீட்டுலயே அறுத்தவங்க, இறகு பிடுங்குனவங்கதான் மாட்டுனாங்க. நல்லா வெந்த கறியச் சாப்பிட்டு வந்துச்சுங்கிறதுக்கு ஆதாரம் இல்ல. வியட்நாம்ல பச்சை வாத்து ரத்தத்துல செஞ்சத சாப்பிட்டவங்க மேல சந்தேகம் இருந்துச்சு, ஆனா அது வேகாத பண்டம்.

இந்த வைரஸ் நோய் வந்த கோழியோட தொண்டை, குடல்ல மட்டும் இருக்காது, ரத்தம், கறின்னு எல்லா இடத்துக்கும் போயிடும், முட்டைக்கு உள்ளயும் இருக்கலாம். அதனால "மேல நல்லா கழுவிட்டேன்"ங்கிறது பெருசா உதவாது. சூடுதான் உதவும். கறியோட எல்லாப் பகுதியும் 70 டிகிரி செல்சியஸ் தாண்டணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, கிச்சன்ல நாங்க 74 வச்சுக்குவோம், சால்மோனெல்லா மாதிரி பாக்டீரியாவுக்கும் அதுவே போதும். ஃப்ரீசர் மட்டும் இத கொல்லாது, குளிர்ல வைரஸ் இன்னும் நல்லா தங்கும், அதனால "வாங்கி ரொம்ப நாள் ஆச்சு, செத்திருக்கும்"னு நினைச்சுக்காதீங்க.

சரி, உங்க ஃப்ரீசர்ல லெக் பீஸ் ஒரு கிலோ இருக்குன்னு வச்சுக்குவோம். முந்தின நாளே எடுத்து விளிம்பு உயரமா இருக்குற பாத்திரத்துல போட்டு மூடி, ஃப்ரிட்ஜ்ல எல்லாத்துக்கும் கீழ் தட்டுல வைங்க, மேல வச்சா அந்தத் தண்ணி சொட்டி கீழ இருக்குற பழத்துலயோ மிச்ச சாப்பாட்டுலயோ விழும். அவசரம்னா ஒழுகாத கவர்ல கட்டி பச்சைத் தண்ணில முக்கி வச்சு அரை மணிக்கு ஒரு தடவை தண்ணி மாத்துங்க. பாதி உறைஞ்ச கறிய அப்படியே வாணலில போடுறதுதான் நான் அதிகமா பாக்குற தப்பு, வெளிய நல்லா செவந்துடும், எலும்ப ஒட்டி உள்ள இன்னும் ஜில்லுனு இருக்கும்.

அடுத்தது குழாய்க்குக் கீழ கறி கழுவுறது. இத சொன்னா சண்டைக்கு வருவாங்கன்னு தெரியும், ஆனாலும் சொல்றேன், கழுவ வேணாம். தண்ணி கறி மேல பட்டு தெறிச்சு சிங்க், குழாய், பக்கத்துல கவுத்து வச்ச தட்டுன்னு எல்லாத்து மேலயும் போகும். ஈரமா இருந்தா பேப்பர்ல ஒத்தி எடுத்து பேப்பர உடனே குப்பைல போடுங்க. கழுவாம மனசு கேக்கலன்னா பாத்திரத்துல தண்ணி ஊத்தி மெதுவா அலசி மெதுவா கொட்டிட்டு, சிங்க்க சோப்பு போட்டுத் தேய்ச்சுடுங்க. இந்த வைரஸ சுத்தி ஒரு கொழுப்பு உறை இருக்கு, அத சோப்பு உடைச்சுடும், அதனால கைக்கு 20 செகண்ட் சோப்பே போதும்.

எங்க கிச்சன்ல புதுசா வர்றவங்களுக்கு நான் முதல்ல சொல்றது, கறியத் தொடுறதுக்கு முன்னாடியே உப்பு, மசாலா, எண்ணெய் எல்லாத்தையும் தேவையான அளவு சின்னக் கிண்ணத்துல எடுத்து வச்சுக்கங்கன்னு. இல்லன்னா கறி பிசைஞ்ச கையோடயே உப்பு டப்பா, எண்ணெய் பாட்டில், ஃப்ரிட்ஜ் கைப்பிடின்னு தொட்டுக்கிட்டே போவோம், அப்புறம் கைய மட்டும் கழுவிட்டு சுத்தமாயிட்டோம்னு நினைச்சுக்குவோம், டப்பாவ யாரு கழுவுறா? காய்கறிய முதல்ல நறுக்கி முடிச்சுட்டு அப்புறம் கறிய எடுங்க. ஊற வச்ச மசாலா மிச்சம் இருந்தா கொதிக்க வைக்காம கடைசில மேல ஊத்தாதீங்க. பச்சைக் கறி இருந்த தட்டுலயே வெந்தத எடுத்து வைக்காதீங்க.

வெந்துச்சான்னு பாக்க கிச்சன் தெர்மாமீட்டர் இருந்தா நல்லது. இருக்குறதுலயே பெரிய பீஸ், அதுவும் வாணலி ஓரத்துல கிடக்குறத எடுத்து, சதை கனமா இருக்குற இடத்துல எலும்புல படாம குத்துங்க, எலும்புல பட்டா அளவு தப்பா வரும். நடுவுல இருக்குற பீஸ் 80 காட்டும், ஓரத்துல இருக்குறது 66லயே நிக்கும், அப்ப எல்லாமே இன்னும் கொஞ்ச நேரம் வேகணும். தெர்மாமீட்டர் இல்லன்னா அந்தப் பெரிய பீஸையே எலும்பு வரைக்கும் வெட்டிப் பாருங்க, சதை வழவழன்னு கண்ணாடி மாதிரி இருக்கக் கூடாது, வர்ற தண்ணில சிவப்பு இருக்கக் கூடாது. நிறத்த மட்டும் நம்பாதீங்க, இளங்கோழில முழுசா வெந்த பிறகும் எலும்புக்குப் பக்கத்துல மஜ்ஜையால லேசா சிவப்பு இருக்கும், இன்னொரு பக்கம் மசாலா கலர் வேகாததையும் மறைச்சுடும். குழம்பு கொதிக்குதுங்கிறதுக்காக உள்ள இருக்குற பீஸும் அதே சூட்டுல இருக்காது. மைக்ரோவேவ்ல சூடு திட்டுத் திட்டா ஏறும், பச்சைக் கறிக்கு அத நம்ப வேணாம்.

முட்டைக்கு வர்றேன். நோய் வந்த கோழி சீக்கிரமே முட்டை போடுறத நிறுத்திடும், நோய் உறுதியான பண்ணைல கோழி, முட்டை ரெண்டையும் அழிச்சுடுவாங்க, அதனால கடைக்கு அப்படி ஒரு முட்டை வர்றதுக்கு வாய்ப்பு ரொம்பக் கம்மி. ஆனா அறிகுறி தெரியிறதுக்கு முன்னாடி போட்ட முட்டைன்னு ஒண்ணு இருக்குல்ல, அதுக்காகத்தான் கொஞ்ச நாளைக்கு மஞ்சக்கரு ஓடுற ஆஃப் பாயில் வேணாம்னு சொல்றேன். மஞ்சக்கரு 65 டிகிரி பக்கம் கெட்டியாக ஆரம்பிச்சு 70ல நல்லா இறுகிடும், அதனால இறுகின மஞ்சக்கருவே உங்களுக்கு தெர்மாமீட்டர். ஓட்டுல எச்சம் ஒட்டி இருந்தா வாங்கின உடனே கழுவி அடுக்காதீங்க, ஓட்டுல பொடி ஓட்டைங்க இருக்கு, ஈரத்தோட அழுக்கு உள்ள போகும். உடைக்கிறதுக்கு கொஞ்சம் முன்னாடி கழுவுங்க, உடைச்சதும் கைய சோப்பு போட்டுடுங்க. வீட்டுல செய்யிற மயோனைஸ், வழிச்சு நக்குற கேக் மாவு எல்லாம் பச்சை முட்டைதான், பாஸ்டுரைஸ் பண்ணின முட்டை கிடைச்சா செய்யலாம், இல்லன்னா விட்டுடுங்க.

வீட்டுல கோழி வளக்குறவங்களுக்கு மட்டும் கணக்கு வேற. திடீர்னு ரெண்டு மூணு கோழி செத்துச்சுன்னா, மிச்சம் இருக்குறதையாவது அறுத்து சமைச்சுடலாம்னு கிளம்பாதீங்க. வேகவச்சா வைரஸ் செத்துடும்தான், ஆனா அறுக்குறப்பவும் இறகு பிடுங்குறப்பவும் அது உங்க மூக்கு, கண் பக்கத்துலயே இருக்கும். வெறும் கையால தொடாம, பிள்ளைங்களத் தள்ளி வச்சுட்டு, கால்நடைத் துறைக்குச் சொல்லுங்க. ஏற்கனவே தொட்டுட்டீங்கன்னா, அடுத்த பத்து நாளுக்குள்ள காய்ச்சல், இருமல், கண் சிவப்புன்னு எது வந்தாலும் டாக்டர்கிட்ட போங்க, செத்த கோழியத் தொட்டேன்னு நீங்களாவே சொல்லுங்க, அவர் கேப்பாருன்னு காத்திருக்காதீங்க.

பூனை வச்சிருந்தா இன்னொண்ணு, கறி வெட்டுறப்ப பச்சைத் துண்டு, தோல் எதையும் அதுக்குப் போடாதீங்க. 2004ல தாய்லாந்துல ஒரு புலிப் பூங்காவுல பச்சைக் கோழி போட்டதுல ஆரம்பிச்சு நிறைய புலிங்களுக்கு எச்5என்1 வந்துச்சு, வீட்டுப் பூனைக்கும் இது வரும். வேகவச்சு ஆறினதும் போடுங்க.