வட்டி கட்டினேன், அசல் ஏன் அசையவில்லை?

கேள்வி: கும்பகோணத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். உங்கள் கிளையில் 2021 ஏப்ரலில் ஐந்து லட்ச ரூபாய் ஓவர்டிராப்ட் வாங்கினேன். ஒரு மாதம்கூடத் தவறாமல் வட்டி கட்டி வருகிறேன். நான்கு வருடத்தில் ஏறக்குறைய 2,40,000 ரூபாய் கட்டிய பிறகும் ஐந்து லட்சம் பாக்கி என்றே பாஸ்புத்தகம் காட்டுகிறது. கணக்கில் பிழை இருக்கிறதா? இதை எப்படி முடிப்பது?

அன்புள்ள ஐயா,

உங்கள் கணக்கை முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன். பிழை ஏதும் இல்லை. நீங்கள் கட்டிய ஒவ்வொரு ரூபாயும் வரவில் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு ரூபாய்கூட அசலுக்குப் போகவில்லை.

கடைத்தெருவில் நாம் பேசும் கணக்கிலேயே சொல்கிறேன். வருடத்துக்கு 12 சதவீதம் என்பது நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. ஐந்து லட்சத்துக்கு மாதம் 5,000 ரூபாய். இடையில் விகிதம் கொஞ்சம் ஏறி இறங்கியது. கணக்கு புரிய வேண்டும் என்பதற்காக 12 என்றே வைத்துக்கொள்கிறேன்.

வங்கியில் வட்டி நாள் கணக்கில் ஓடி, மாதக் கடைசியில் பற்றாக விழும். 31 நாள் உள்ள மாதத்தில் அது 5,096 ரூபாய். மார்ச் 31ஆம் தேதி வரியைப் பாருங்கள்: வட்டி 5,096 பற்று, பாக்கி 5,05,096. அதற்கு அடுத்த வரி ஏப்ரல் 3: ரொக்கம் 5,096 வரவு, பாக்கி 5,00,000. மார்ச் முழுவதும் ஏறியதை ஏப்ரலில் இறக்கி வைத்தீர்கள். அவ்வளவுதான் நடந்தது. 48 மாதமும் இந்த இரண்டு வரிகள்தான் மாறி மாறி வருகின்றன. கட்டும் பணம் முதலில் ஏறிய வட்டியைத் தீர்க்கும், மிச்சம் இருந்தால்தான் அசலைத் தொடும். நீங்கள் கட்டிய தொகை வட்டிக்குச் சரியாக இருந்ததால் மிச்சமே இல்லை.

கல்யாண வீட்டுக்கு நீங்கள் அண்டா வாடகைக்கு விடுகிறீர்கள். ஒருவர் அதை நாற்பது நாள் வைத்திருந்து நாற்பது நாள் வாடகையையும் ஒழுங்காகக் கொடுத்துவிட்டால், அண்டா அவருடையது ஆகிவிடாது. பாதி அண்டா திரும்பி வந்ததாகவும் ஆகாது.

“அப்படியானால் நான்கு வருடத்தில் நீங்கள் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஓவர்டிராப்ட் கணக்கில் வட்டி உரிய காலத்தில் வந்து, பாக்கி வரம்புக்குள் நின்றால் அது ஒழுங்கான கணக்கு. பாக்கி தொடர்ந்து 90 நாள் வரம்பைத் தாண்டி நின்றாலோ, அந்த 90 நாளில் வட்டிக்கு ஈடான வரவுகூட இல்லாமல் போனாலோதான் அது வாராக்கடன் பட்டியலுக்குப் போகும், நோட்டீஸும் வரும். உங்களுக்கு நோட்டீஸ் வராததற்குக் காரணம் வட்டி நின்றுபோகவில்லை என்பதே. கடன் குறைந்துகொண்டே வருகிறது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

இந்த வகைக் கடனை வங்கி ஏன் இப்படி வைத்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ஓவர்டிராப்ட் சரக்குக்காகக் கொடுப்பது. தை முகூர்த்தங்களுக்கு முன்னால் எடுத்துச் சரக்குப் போடுவீர்கள், பாக்கி ஏறும். விற்ற பணத்தைக் கட்டுவீர்கள், பாக்கி இறங்கும். வைகாசிக்கு மறுபடி ஏறும். அசல் இப்படி ஏறி இறங்கும் என்று எதிர்பார்ப்பதால்தான் தவணை வைப்பதில்லை. உங்கள் கணக்கில் அது ஒருமுறைகூட இறங்கவில்லை.

காரணம் முதல் வாரத்துப் பற்றுகளில் தெரிகிறது. புதுக் கடைக்கு முன்பணமாக 1,50,000 ரூபாய்க்கு ஒரு காசோலை, இரும்பு அலமாரிகளுக்கு 50,000. மீதி மூன்று லட்சம்தான் சரக்குக்குப் போயிருக்கிறது. பித்தளைக் குடத்தில் போட்ட பணம் குடம் விற்றால் திரும்பும். கடைக் கட்டடத்தின் சொந்தக்காரரிடம் கொடுத்த முன்பணம் எத்தனை குடம் விற்றாலும் திரும்பாது. அந்த இரண்டு லட்சத்தை லாபத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அடைக்க முடியும். அன்றைக்கே அதைத் தனித் தவணைக் கடனாகப் பிரித்துக் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இப்போது பிரிக்கலாம். இரண்டு லட்சத்தை 36 மாதத் தவணைக் கடனாக மாற்றினால் மாதத் தவணை 6,643 ரூபாய். முதல் தவணையில் 2,000 வட்டிக்கும் 4,643 அசலுக்கும் போகும். அசல் குறையக் குறைய வட்டியின் பங்கும் குறைந்து, கடைசித் தவணையில் வட்டி 66 ரூபாய்தான் இருக்கும். சரக்குக்கான மூன்று லட்சத்துக்கு மாதம் சராசரி 3,000 ரூபாய் வட்டி. இரண்டும் சேர்த்து 9,643. இப்போது கட்டுவதைவிட 4,643 அதிகம். ஆடியிலும் மார்கழியிலும் இது கனக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் 36ஆவது மாதம் உங்கள் பாக்கி மூன்று லட்சம். அதற்கு ஈடான பாத்திரம் கடையிலேயே இருக்கும்.

அவ்வளவு முடியாது என்றால், இப்போதுள்ள வட்டியோடு மாதம் 1,000 ரூபாய் சேர்த்து 6,000 கட்டுங்கள். முதல் மாதம் அசல் 4,99,000 ஆகும். அடுத்த மாத வட்டி 4,990 என்பதால் அசலுக்கு 1,010 போகும். இப்படியே போனால் கடன் 15 வருடத்தில் முடிகிறது. நீண்ட காலம்தான். ஆனால் 5,000 மட்டும் கட்டினால் அது எந்த வருடத்திலும் முடியாது. இந்த வழியில் ஓர் ஓட்டை உண்டு: ஓவர்டிராப்டில் கட்டியதை நீங்களே மறுபடி எடுத்துவிடலாம். அதனால் மாதாமாதம் வரம்பை 1,000 ரூபாய் குறைத்துக்கொண்டே வரும்படி எழுதிக் கொடுங்கள்.

எந்த வழியானாலும், விற்பனைப் பணத்தைச் சேமிப்புக் கணக்கில் போடாமல் இந்தக் கணக்கிலேயே போடுங்கள். மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய 1,50,000 ரூபாய் பத்து நாள் இங்கே இருந்தால் 493 ரூபாய் வட்டி குறையும்.

இன்னொரு விஷயம் என்னைக் கவலைப்பட வைக்கிறது. உங்கள் சரக்கு மதிப்பில் கால் பங்கைக் கழித்துவிட்டுத்தான் கடன் அனுமதிக்கிறோம். போன வருடம் எட்டு லட்சத்துக்குச் சரக்கு காட்டினீர்கள்; ஆறு லட்சம் வரை இடம் இருந்தது. வருகிற புதுப்பித்தலின்போது சரக்கு ஐந்து லட்சமாக இறங்கியிருந்தால் 3,75,000 தான் அனுமதி. மீதி 1,25,000 ரூபாயை உடனே கட்டச் சொல்ல வேண்டிவரும். வட்டி பாக்கி இல்லை என்று அப்போது நீங்கள் சொன்னாலும் என்னால் ஏற்க முடியாது.

அந்த நாளுக்கு முன்பே வாருங்கள். கடை வாடகை ஒப்பந்தம், இந்த மாதச் சரக்குப் பட்டியல், கடந்த 12 மாத ஜிஎஸ்டி படிவங்கள் மூன்றும் இருந்தால், பிரித்து எழுதும் விண்ணப்பத்தை அன்றே தயார் செய்துவிடலாம்.

அன்புடன்,
கடன் பிரிவு அலுவலர்