43 மின்னஞ்சலைப் புதியவருக்கு எப்படிச் சுருக்குவது?

“வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் நிர்வாகக் குழுச் செயலாளர் நான். லிஃப்ட் மாற்றுவது பற்றி மூன்று மாதமாக ஓடிய 43 மின்னஞ்சல்களைப் புதிய பொருளாளருக்கு அப்படியே அனுப்பினேன். ‘எது முடிவு, நான் என்ன செய்யவேணும் என்றே விளங்கவில்லை அக்கா’ என்கிறார். சுருக்கி எழுதப்போனால் கதைபோல நீளுகிறது. எப்படி எழுதுவது?”

நீங்கள் இணைத்திருந்த மின்னஞ்சல் கட்டையும் எழுதிப்பார்த்த சுருக்கத்தையும் முழுதாக வாசித்தேன். உங்கள் சுருக்கம் நீளுவதற்குக் காரணம், நடந்ததை நடந்த ஒழுங்கிலேயே சொல்லப் பார்க்கிறீர்கள். பெப்ரவரி 12இல் லிஃப்டுக்குள் யார் சிக்கினார்கள் என்பது அந்தத் தம்பிக்குத் தேவையில்லை. காசோலை எழுதப்போகிறவர் அவர். அவருக்கு இன்று எது உறுதி, எது நிற்கிறது, அதில் தன் பங்கு எது என்ற மூன்றும் போதும்.

எழுதும்போது கதை வேண்டாம் என்றாலும் வாசிக்கும்போது அடியிலிருந்துதான் மேலே வர வேண்டும், ஏனென்றால் பதிலுக்குப் பதிலாக நீண்ட மடலில் பழையது அடியில் கிடக்கும். அதற்கு முன் கட்டு முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே மடலுக்கு இரண்டு பேர் தனித்தனியாகப் பதில் போட்டால் கட்டு இரண்டு கிளையாகப் பிரிந்துவிடும், கடைசி மடலை மட்டும் அனுப்பினால் ஒரு கிளைதான் போகும். பழைய மடல்களின் இணைப்புகளும் கூடப் போகாது. உங்கள் பொருளாளரிடம் விலைப்பட்டியலே இல்லாதது அதனால்தான். ஜிமெயிலில் கணினியில் திறந்தால் கட்டுக்கு மேலே உள்ள மூன்று புள்ளிக்குள் Forward all இருக்கிறது, அதைப் பாவியுங்கள்.

சரி, இனி முடிவைத் தேடுவோம். மார்ச் 6இல் நீங்கள் “18 இலட்சத்து 50 ஆயிரத்துக்குப் போகலாமா?” என்று கேட்டீர்கள். ஆறு பேர் “நோட்டட்” என்று எழுதினார்கள். அதை நீங்கள் “குழு சம்மதித்தது” என்று சுருக்கியிருக்கிறீர்கள். அது சம்மதமே இல்லை! வாசித்தேன் என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்கு ஒரு பெறுமதியும் கிடையாது. கொழும்பில் அலுவலகமாகட்டும் தொடர்மாடியாகட்டும், எல்லாருக்கும் பதில் போட்டு நோட்டட் என்று எழுதிவிட்டுப் பொறுப்பு முடிந்தது என்று போகிற பழக்கம் எத்தனை வேலையைக் குழப்பியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. உண்மையான முடிவு மார்ச் 9இல் இருக்கிறது. பழைய மேற்கோள்களுக்கு நடுவில், ஆங்கில எழுத்தில் தலைவர் சிங்களத்தில் எழுதிய இரண்டே சொல்: “ஹரி, கரமு.” செய்வோம் என்கிறார். நீங்கள் அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள். தீர்மானிக்க அதிகாரம் உள்ளவர் எந்தத் தேதியில் என்ன சொல்லால் ஆம் என்றார் என்று காட்ட முடிந்தால்தான் முடிவு என்று எழுதுங்கள்.

ஆனால் அந்த இரண்டு சொல்லுக்குக் கீழே தலைவரே எழுதிய இன்னொரு வரி இருக்கிறது: உதிரிப்பாகம் ஐந்து வருடத்துக்குத் தருவோம் என்ற கடிதம் வந்த பிறகே முற்பணம் கொடுக்க வேண்டும். இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் மெதுவாகப் பார்ப்போம். நிபந்தனையோடு சொன்ன முடிவை முழு முடிவாகவும் எழுதக்கூடாது, முடிவில்லை என்றும் தள்ளக்கூடாது. அதை இரண்டாக வெட்டுங்கள். லிஃப்ட் மாற்றுவதும் அந்த விலையும் தீர்ந்த விடயம், அது முடிவுப் பக்கம் போகும். முற்பணம் தீரவில்லை, அது நிற்பவை பக்கம் போகும், எதற்காக நிற்கிறது என்பதும் அந்த வரியிலேயே இருக்க வேண்டும். அப்புறம், நிபந்தனை நிறைவேறிவிட்டதா என்று மேலே உள்ள மடல்களில் தேட வேண்டும். ஏப்ரல் 22இல் கடிதம் வந்திருக்கிறது, நீங்களும் “கடிதம் கிடைத்தது” என்று எழுதிவிட்டீர்கள். இணைப்பைத் திறந்து பாருங்கள், அதில் இருப்பது இரண்டு வருடம். கேட்டது ஐந்து. ஆகவே நிபந்தனை நிறைவேறவில்லை, முற்பணம் இன்னும் நிற்கிறது. இணைப்பைத் திறக்காமல் மடலை மட்டும் வாசித்துச் சுருக்கினால் இந்தப் பிழை வந்தே தீரும்.

அடுத்தது, லிஃப்டுக்கு விலை பேசும் இடைத்தரகர். ஏப்ரல் 28இல் அந்த முகவர் “தலைவருடன் தொலைபேசியில் கதைத்தபடி விலை 19 இலட்சத்து 75 ஆயிரம்” என்று எழுதுகிறார். தலைவரிடமிருந்து அதற்கு ஒரு வரிகூட இல்லை. பேசியதாகச் சொன்னதைப் பேசியவர் எழுத்தில் ஒத்துக்கொள்ளும் வரை அது தரகரின் கூற்று மட்டும்தான். நாற்பது வீத முற்பணம் பழைய விலைக்கு 740,000 ரூபா, புதிய விலைக்கு 790,000. உங்கள் சுருக்கத்தில் புதிய விலையை மட்டும் கண்டிருந்தால் அந்தத் தம்பி யாரும் சம்மதிக்காத 50,000 ரூபாவைச் சேர்த்து எழுதியிருப்பார். இன்னொன்று, வேறு ஆளின் மடலை ஒருவர் முன்னனுப்பும்போது அதன் எழுத்தை விரும்பியபடி மாற்றலாம், மாற்றிய அடையாளமே தெரியாது. ஒரு கட்டில் தொகையையே மாற்றி அனுப்பியிருந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். பணம் சம்பந்தப்பட்ட மடல் தரகர் கையால் வந்திருந்தால், முதலில் எழுதியவரிடமே கேட்டு Forward as attachment முறையில் மூலத்தை வாங்குங்கள்.

நிற்கும் வேலைகளுக்கு ஒரு வேலைக்கு ஒரு ஆள், ஒரு தேதி. “ஆவன செய்யவும்” என்று ஐந்து பேருக்குப் போன மடலில் பொறுப்பாளி யாருமில்லை. அப்படியானால் “பொறுப்பாளி இல்லை” என்றே எழுதுங்கள், நீங்களாக ஒருவர் தலையில் கட்டாதீர்கள். உங்கள் கட்டு இப்படி வரும்:

இப்போதைய நிலை (மே 9): லிஃப்ட் மாற்றுவது உறுதி. பணம் எதுவும் கொடுக்க வேண்டாம்.

முடிவு: 18 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவுக்கு மாற்றுவது. தலைவர், மார்ச் 9.

நிற்பது: முற்பணம் 740,000 ரூபா. தலைவர் மார்ச் 9இல் சொன்னபடி, ஐந்து வருட உதிரிப்பாகக் கடிதம் வந்த பிறகே பொருளாளர் காசோலை எழுதுவார்.

நிற்பது: ஏப்ரல் 22இல் வந்த கடிதத்தில் இரண்டு வருடமே இருப்பதால் ஐந்து வருடக் கடிதத்தை மறுபடி கேட்பது. பொறுப்பாளி இல்லை, தேதி இல்லை.

தெளிவில்லை: 19 இலட்சத்து 75 ஆயிரம் என்பது முகவர் ஏப்ரல் 28இல் சொன்னது, தலைவர் உறுதிப்படுத்தவில்லை. செயலாளர் மே 14க்குள் கேட்பார்.

அவ்வளவுதான், கைபேசித் திரையில் ஒரு பக்கம். ஒவ்வொரு வரியும் எந்தத் தேதி மடலிலிருந்து வந்தது என்று தெரிந்தால் சந்தேகம் வரும்போது அவரே போய்ப் பார்ப்பார். கட்டை இதற்குக் கீழே விடுங்கள், தலைப்பை மட்டும் மாற்றுங்கள். “லிஃப்ட் பழுது” என்ற பெப்ரவரித் தலைப்பிலேயே மே மாதமும் ஓடினால் நாளைக்குத் தேடும்போது எதுவும் அகப்படாது. பொருளாளருக்கு அனுப்ப முதல் தலைவருக்கு அனுப்பி, “மார்ச் 9இல் நீங்கள் சொன்னது இதுதானே ஐயா, முகவரோடு விலை பற்றிக் கதைத்தீர்களா?” என்று கேளுங்கள். அவர் பதிலையும் மேலே ஒட்டி அனுப்புங்கள்.